மாதம் 5,400 பில்லுக்கு எத்தனை பேர் வேண்டும்? பேக் ஆபீஸ் வேலை நேரத்தைக் கணக்கிடும் முறை

ஒரு டீமுக்கு எத்தனை மணி நேர வேலை இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று எண்கள் போதும். மாதத்துக்கு எத்தனை உருப்படி வருகிறது, ஒரு உருப்படியை முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது, ஒரு ஆள் மாதத்தில் உண்மையிலேயே எத்தனை மணி நேரம் அந்த வேலையில் உட்காருகிறார். முதல் இரண்டைப் பெருக்கினால் வேலையின் அளவு. அதை மூன்றாவதால் வகுத்தால் ஆட்களின் எண்ணிக்கை.

கணக்கு இவ்வளவுதான். தவறு எப்போதும் அந்த மூன்று எண்களுக்குள்தான் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு எண்ணும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதை உள்ளே சேர்த்திருக்கிறது, எதை வெளியே விட்டிருக்கிறது என்பது தெளிவாக இல்லாவிட்டால், விடை பாதி ஆளும் தவறலாம், இரண்டு ஆளும் தவறலாம். எனவே ஒரே ஒரு டீமை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பார்ப்போம்.

இது சப்ளையர்களிடமிருந்து வரும் பில்களைப் பதிவு செய்யும் டீம். இப்போது 5 பேர் இருக்கிறார்கள். மாதத்துக்குச் சுமார் 5,400 பில் வருகிறது. பெண்டிங் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு பில்லுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் டீம் லீடர் சொல்வது, "சராசரியா 5 நிமிஷம்." அதை வைத்துப் போட்டால் 5,400 × 5 = 27,000 நிமிடம், அதாவது 450 மணி நேரம். ஒருவர் மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை பார்த்தால் 176 மணி நேரம். 450-ஐ 176-ஆல் வகுத்தால் 2.6 வருகிறது. மூன்று பேர் போதும் என்கிறது கணக்கு, ஐந்து பேர் இருந்தும் பெண்டிங் ஏறுகிறது என்கிறது நடப்பு. இடையில் என்ன தொலைந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

எதை எண்ணுவது

முதலில் 5,400 என்ற எண்ணையே சந்தேகப்பட வேண்டும். அது வந்த பில்களின் எண்ணிக்கையா, முடித்த பில்களின் எண்ணிக்கையா? பெரும்பாலான மாத ரிப்போர்ட்டுகளில் முடித்தது மட்டுமே இருக்கும், ஏனென்றால் சிஸ்டத்தில் எளிதாக எடுக்க முடிவது அதுதான். ஆள் பற்றாத டீம் தன்னால் முடிந்ததை மட்டுமே முடிக்கும். அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால், இருக்கிற ஆட்களே போதும் என்ற விடைதான் எப்போதும் வரும். முடித்தது மட்டும்தான் தெரியும் என்றால், மாதக் கடைசியில் இருந்த பெண்டிங்கிலிருந்து மாதத் தொடக்கத்தில் இருந்த பெண்டிங்கைக் கழித்து, அந்த வித்தியாசத்தை முடித்ததோடு கூட்டுங்கள். வந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஏற்கெனவே குவிந்து கிடக்கும் பழைய பெண்டிங் வேறு விஷயம். 600 பில் தேங்கியிருக்கிறது என்றால் அது ஒருமுறை செய்து முடிக்க வேண்டிய வேலை. அதை மாத எண்ணிக்கையோடு கூட்டி 6,000 என்று வைத்துவிட்டால், இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும் வேலைக்கு நிரந்தரமாக ஆள் கேட்டதாகிவிடும். தனியாகக் கணக்கிட்டு, ஓவர்டைமிலோ தற்காலிக ஆளை வைத்தோ தீர்ப்பதுதான் சரி.

அடுத்து, 5,400 பில்லும் ஒரே மாதிரி வேலை தருவதில்லை. இந்த டீமில் மூன்று வகை பிரிகிறது. பர்ச்சேஸ் ஆர்டரோடு பொருந்திப் போகும் பில் 3,600. ஆர்டர் இல்லாமல், யாரிடமாவது ஒப்புதல் வாங்கிக் கணக்குத் தலைப்பு போட வேண்டிய பில் 1,300. விலையோ அளவோ பொருந்தாமல் சிக்கலில் நிற்கும் பில் 500. இதற்கு மேல் பத்து வகையாகப் பிரிக்கத் தேவையில்லை. நேரம் இரண்டு மடங்காவது வேறுபடும் இடத்தில் பிரித்தால் போதும். அதற்கும் நுணுக்கமாகப் போனால் ஒவ்வொரு வகைக்கும் அளந்து பார்க்கப் போதுமான உருப்படிகள் கிடைக்காது.

ஒரு பில்லுக்கு எத்தனை நிமிடம்

டீம் லீடர் சொன்ன 5 நிமிடம் பொய்யில்லை. நினைவில் நிற்பது சாதாரண பில். அதற்கு ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். ஆனால் மொத்த நேரத்தைத் தீர்மானிப்பது சாதாரண பில் அல்ல.

சிக்கல் பில் ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பில்லைத் திறந்து ஆர்டரோடு ஒப்பிட்டு, விலை பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்க 6 நிமிடம். சப்ளையருக்கும் ஆர்டர் போட்டவருக்கும் மெயில் எழுத 5 நிமிடம். மூன்று நாள் கழித்துப் பதில் வருகிறது. இது எந்த பில், என்ன பிரச்சினை என்று மறுபடி படித்து நினைவுக்குக் கொண்டுவர 4 நிமிடம். திருத்திப் பதிவு செய்து முடிக்க 7 நிமிடம். மொத்தம் 22 நிமிடம். சிஸ்டத்தில் இருக்கும் தொடக்க, முடிவு நேரத்தை எடுத்தால் மூன்று நாள் என்று காட்டும். கடைசியாகத் திறந்ததிலிருந்து முடித்தது வரை மட்டும் எடுத்தால் 7 நிமிடம் என்று காட்டும். இரண்டுமே உதவாது. கை பட்ட நேரங்களை எல்லாம் கூட்டினால்தான் சரியான எண் கிடைக்கும்.

அளக்க எளிய வழி, இரண்டு வாரத்துக்கு ஒரு தாளோ எக்செல் ஷீட்டோ கொடுத்து, பில்லைத் தொடும்போதும் விடும்போதும் நேரத்தைக் குறிக்கச் சொல்வது. எல்லா பில்லுக்கும் வேண்டாம். வகைக்கு 40, 50 பில் சேர்ந்தால் முதல் மதிப்பீட்டுக்குப் போதும். ஆனால் எல்லோரிடமிருந்தும் வர வேண்டும். வேகமானவர் ஒருவரிடம் மட்டும் அளந்தால், எல்லோரும் அவரைப் போலவே வேலை பார்ப்பார்கள் என்று திட்டமிட்டதாகிவிடும். மாதத் தொடக்கத்திலும் கடைசியிலும் இரண்டு முறை அளப்பது நல்லது. கடைசி வாரத்தில் சிஸ்டமும் மந்தமாகும், கேள்விகளும் கூடும். எதற்காக அளக்கிறோம் என்பதை டீமிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். யார் மெதுவானவர் என்று கண்டுபிடிக்கத்தான் இது என்று நினைத்துவிட்டால், எழுதித் தரும் நேரங்களில் உண்மை இருக்காது.

வந்த நேரங்களிலிருந்து எந்தச் சராசரியை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பத்து பில்லில் ஒன்பது 4 நிமிடத்தில் முடிந்து, ஒன்று மட்டும் 34 நிமிடம் இழுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 34 விதிவிலக்கு என்று ஒதுக்கினாலும், வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தாலும் 4 நிமிடம் வரும். பத்து பில்லுக்கு 40 நிமிடம் என்று திட்டமிடுவீர்கள். உண்மையில் செலவானது 70 நிமிடம். இங்கே நமக்கு வேண்டியது வழக்கமான பில்லின் நேரம் அல்ல, மொத்த நேரம். அதற்கு எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்த சராசரிதான் பொருந்தும். பில்லைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதால் வந்த 65 நிமிடம் போன்றவற்றை மட்டும் நீக்கலாம், ஏனென்றால் அது பில்லுக்கான வேலையே அல்ல.

இந்த டீமில் அளந்து வந்த எண்கள்: பொருந்தும் பில் 4 நிமிடம், ஆர்டர் இல்லாத பில் 9 நிமிடம், சிக்கல் பில் 22 நிமிடம்.

3,600 × 4 = 14,400 நிமிடம்
1,300 × 9 = 11,700 நிமிடம்
500 × 22 = 11,000 நிமிடம்

மொத்தம் 37,100 நிமிடம், 618 மணி நேரம். எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சிக்கல் பில்கள் நேரத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் எடுத்துக்கொள்கின்றன. பில் எண்ணிக்கை ஏறாமலேயே டீம் திணறுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த விகிதத்தைத்தான். சிக்கல் பில் 500-லிருந்து 700 ஆகி, பொருந்தும் பில் அதே அளவு குறைந்தால், மொத்தம் 5,400-தான் இருக்கும். வேலை மட்டும் 60 மணி நேரம் கூடியிருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் சேர வேண்டும். ஒன்று, திரும்பி வரும் வேலை. பதிவான பில்களில் 6 சதவீதம் தவறான தலைப்பு, தவறான வரி என்று திரும்பி வருகிறது. மாதம் 324 பில், ஒன்றுக்கு 10 நிமிடம், ஆக 3,240 நிமிடம், 54 மணி நேரம். அளவெடுக்கும்போது முதல்முறை பதிவை மட்டும் பார்ப்பதால் இது அடிக்கடி விடுபட்டுப் போகும்.

இரண்டாவது, பில் எண்ணிக்கையோடு ஏறி இறங்காத வேலை. தினமும் காலையில் மெயில் பெட்டியைப் பிரித்து அடுக்க 45 நிமிடம், 22 நாளுக்கு 16.5 மணி நேரம். மாதக் கடைசி கணக்கு ஒப்பீட்டு ரிப்போர்ட்டுக்கு 12 மணி நேரம். இரண்டும் சேர்ந்து 28.5 மணி நேரம். இதை ஒரு பில்லுக்கான நிமிடத்துக்குள் கரைத்துவிடாதீர்கள். பில் பாதியாகக் குறைந்தாலும் ரிப்போர்ட் அதே 12 மணி நேரம் எடுக்கும்.

618 + 54 + 28.5 = சுமார் 701 மணி நேரம். 450 என்று தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது.

ஒரு ஆளிடமிருந்து கிடைக்கும் நேரம்

அடுத்தது 176 மணி நேரம். இது சம்பளம் கொடுக்கும் நேரம், வேலை கிடைக்கும் நேரம் அல்ல. இரண்டுக்கும் இடையிலான இழப்பை ஷ்ரிங்கேஜ் என்பார்கள். அதை இரண்டு படியாகக் கழிப்பது நல்லது, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு இடத்தில் பயன்படும்.

முதல் படி, ஆள் வராத நாட்கள். விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 30 நாள் என்றால் மாதத்துக்கு 2.5 நாள். வார விடுமுறையும் பொது விடுமுறையும் 22 நாள் என்ற எண்ணில் ஏற்கெனவே கழிந்துவிட்டன. அவற்றை மறுபடி கழிக்கக் கூடாது. மிச்சம் 19.5 நாள்.

இரண்டாவது படி, வந்த நாளுக்குள் கழியும் நேரம். சாப்பாட்டு நேரம் தவிர 8 மணி நேர நாள் என்று வைத்துக்கொண்டால், சிறு இடைவேளைகள் 30 நிமிடம், டீம் மீட்டிங் 20 நிமிடம், பில்லோடு சம்பந்தமில்லாத மெயிலும் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும் சந்தேகங்களும் 25 நிமிடம், லாகின், சிஸ்டம் தொங்கல் போன்றவை 15 நிமிடம். மொத்தம் 90 நிமிடம். மிச்சம் 6.5 மணி நேரம்.

19.5 × 6.5 = 126.75 மணி நேரம். சம்பள நேரத்தில் 72 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்ததும் "எங்க ஆளுங்க இவ்வளவு கம்மியாவா வேலை செய்றாங்க?" என்று கேள்வி வரும். 90 நிமிடத்தின் பட்டியலை எடுத்துக் காட்டுங்கள். எதை வெட்டலாம் என்று வரிவரியாகப் பேசலாம். சிஸ்டம் தொங்கலை 15 நிமிடத்திலிருந்து 5 ஆக்க முடிந்தால் அது நிஜமான லாபம். பட்டியல் இல்லாமல் 85 சதவீதம் என்று ஒரு எண்ணை மேலிருந்து வைத்தால், எந்த நிமிடமும் மிச்சமாகப் போவதில்லை; திட்டம் மட்டும் தவறாகும்.

ஆக 701 ÷ 126.75 = 5.53 ஆள்.

ஒரு ஷீட்டில் இதைப் போட்டு வைக்க, B2 முதல் B4 வரை மூன்று வகையின் எண்ணிக்கை, B5-இல் திரும்பி வரும் 324, C2 முதல் C5 வரை அவற்றின் நிமிடம், B6-இல் 28.5, B7-இல் 22, B8-இல் 2.5, B9-இல் 6.5. பிறகு B10, B11, B12 கட்டங்களில் வரிசையாக இவை மூன்றும்:

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5)/60+B6
=(B7-B8)*B9
=B10/B11
```

B10-இல் 700.8, B11-இல் 126.75, B12-இல் 5.53 வர வேண்டும். அடுத்த மாதம் 20 வேலை நாள்தான் என்றால் B7-ஐ மாற்றிப் பாருங்கள். பில் எண்ணிக்கை மாறாமலேயே 6.2 ஆகிவிடும். மாதம் என்பது எப்போதும் ஒரே நீளமில்லை.

வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்குவதும், ஒன்றையே இரண்டு முறை கழிப்பதும்

நேர இழப்பு 28 சதவீதம் என்று தெரிந்ததும் பலர் செய்வது, வேலை நேரத்தோடு 28 சதவீதத்தைக் கூட்டுவது: 701 × 1.28 = 897 மணி நேரம், 5.1 ஆள். சரியான கணக்கு 701 ÷ 0.72 = 974 மணி நேரம், 5.53 ஆள். வித்தியாசம் 77 மணி நேரம். ஏன் என்றால், 28 சதவீதம் என்பது சம்பள நேரத்தில் 28 சதவீதம், வேலை நேரத்தில் அல்ல. சரிபார்ப்பது எளிது: 897 மணி நேரத்தில் 28 சதவீதத்தைக் கழியுங்கள். 646-தான் மிஞ்சும், 701 மிஞ்சாது.

இதைவிடப் பெரிய தவறு இன்னொன்று உண்டு. அது எதிர்ப்பக்கம் இழுக்கும். பில்லுக்கு பில் நேரம் அளக்காமல், "ஒருத்தர் ஒரு நாளைக்கு 50 பில் முடிக்கிறார், 480 நிமிஷத்தை 50-ஆல வகுத்தா 9.6 நிமிஷம்" என்று எடுப்பது வழக்கம். அந்த 9.6 நிமிடத்துக்குள் இடைவேளை, மீட்டிங், சிஸ்டம் தொங்கல், மெயில் பிரிப்பு, திரும்பி வந்த பில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. 5,400 × 9.6 = 864 மணி நேரம். இதை 0.72-ஆல் வகுத்தால் 1,200 மணி நேரம், 6.8 ஆள். ஒரே இடைவேளையை இரண்டு முறை கழித்ததால் ஒன்றேகால் ஆள் அதிகம்.

9.6 நிமிடத்தை வைத்தே போட வேண்டும் என்றால், ஆள் வராத நாட்களை மட்டும் கழியுங்கள். 22-இல் 19.5 நாள், அதாவது 0.886. 864 ÷ 0.886 = 975 மணி நேரம், 5.5 ஆள். வேறு வழியில் போயும் அதே இடத்துக்கு வந்துவிட்டோம். இழப்பை இரண்டு படியாகப் பிரித்து வைத்தது இதற்குத்தான். நிமிடம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எந்தப் படியைக் கழிப்பது என்பதும் தெரியும். யாராவது ஒரு பில்லுக்கு இத்தனை நிமிடம் என்று எண்ணைக் கொடுத்தால், இதில் இடைவேளை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் அந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள்.

5.53-ஐ என்ன செய்வது

5 பேர் வைத்தால் கிடைப்பது 634 மணி நேரம். மாதத்துக்கு 67 மணி நேரம் குறையும். மொத்த வேலையை பில் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பில்லுக்கு 7.8 நிமிடம் வருகிறது. அந்தக் கணக்கில் மாதம் சுமார் 520 பில் பெண்டிங்கில் சேரும். ஓவர்டைமில் ஈடுகட்டலாம் என்றால் ஒவ்வொருவருக்கும் மாதம் 13 மணி நேரத்துக்கு மேல், அதுவும் எல்லா மாதமும். ஒரு மாதம் இரண்டு மாதம் தாங்கும், வருடம் முழுக்கத் தாங்காது.

6 பேர் வைத்தால் 760 மணி நேரம். அதில் 701 என்பது 92 சதவீதம். மிச்சமிருக்கும் 8 சதவீதம் வீண் இல்லை. அடுத்த மாதம் 300 பில் கூடினால் தாங்குவது அதுதான். ஆனால் ஆறாவது ஆள் புதியவர் என்றால் முதல் மாதத்தில் அவரை அரை ஆளாக எண்ணுங்கள், கற்றுக்கொடுப்பவரின் நேரத்தையும் கழியுங்கள். பெண்டிங் உடனே குறையாது.

இதோடு முடிந்துவிட்டதாக நினைத்தால் மாதக் கடைசி வாரம் ஏமாற்றிவிடும். போன் அழைப்புபோல பில் அந்த நொடியே கவனிக்கச் சொல்லாது. ஒரு நாள், இரண்டு நாள் காத்திருக்கும். அதனால்தான் மாதச் சராசரியை வைத்துத் திட்டமிட முடிகிறது. எத்தனை நாள் காத்திருக்கலாம் என்று கெடு இருந்தால், சராசரி மட்டும் போதாது.

இந்த டீமுக்கு மாதத்தின் கடைசி 5 வேலை நாளில் 40 சதவீத பில் வருகிறது. நாளுக்கு 432. மற்ற 17 நாளில் நாளுக்குச் சுமார் 191. பில்லுக்கான வேலை மட்டும், திரும்பி வருவதையும் சேர்த்து, சராசரியாக 7.47 நிமிடம். மெயில் பிரிப்பையும் கூட்டினால் கடைசி நாட்களில் நாளுக்கு 54.5 மணி நேர வேலை வரும். 6 பேரும் வந்தால் கிடைப்பது 39 மணி நேரம். தினமும் 15.5 மணி நேரம் தேங்கும், 5 நாளில் 78. ரிப்போர்ட்டுக்கான 12 மணி நேரமும் சரியாக அந்த வாரத்தில்தான் விழுகிறது. ஆக மாதம் முடியும்போது 90 மணி நேரத் தேக்கம்.

தேக்கத்தை ஒரு நாள் திறனால் வகுத்தால், அன்று வரும் பில் எத்தனை நாள் வரிசையில் நிற்கும் என்று தெரியும். 90 ÷ 39 = 2.3 நாள். ஒருவர் அந்த வாரம் முழுக்க விடுப்பில் போனால் திறன் 32.5 ஆகிறது, தேக்கம் 122 மணி நேரம், காத்திருப்பு 3.8 நாள். அடுத்த மாதத் தொடக்கத்தில் நாளுக்கு 24.5 மணி நேர வேலைதான் வருவதால், எல்லோரும் வந்தால் 14.5 மணி நேரம் உபரியாகும். 90 மணி நேரத் தேக்கம் தீர 6 வேலை நாளுக்கு மேல் ஆகும்.

ஆக, 5 நாள் கெடு என்றால் 6 பேர் தாராளமாகப் போதும். 2 நாள் கெடு என்றால் எல்லோரும் வந்தாலும் கடைசி நாட்களில் தவறும். அதற்காக ஏழாவது ஆளை எடுத்தால் மீதி 17 நாளும் அவருக்கு வேலை இருக்காது. ரிப்போர்ட்டில் முன்கூட்டியே செய்யக்கூடிய பகுதியை முந்தைய வாரத்துக்கு நகர்த்துவது, கடைசி வாரத்தில் விடுப்பைக் கட்டுப்படுத்துவது, அந்த 5 நாளுக்கு மட்டும் ஓவர்டைம் அல்லது பக்கத்து டீமிலிருந்து பழகிய ஒருவர் என்று போவதுதான் பொருத்தம்.

கணக்கு சரியா என்று போன மாதத்தை வைத்துப் பார்ப்பது

இந்த எண்களை யாரிடமும் காட்டுவதற்கு முன், முடிந்துபோன ஒரு மாதத்தின் மேல் போட்டுப் பாருங்கள். இந்த டீமில் போன மாதம் 5 பேரும் சேர்ந்து 97 ஆள்-நாள் வந்திருக்கிறார்கள். 97 × 6.5 = 630 மணி நேரம். ஓவர்டைம் இல்லை, இருந்திருந்தால் அதையும் கூட்ட வேண்டும். இந்தச் சோதனைக்கு மட்டும் முடித்த எண்ணிக்கையைத்தான் எடுக்க வேண்டும், வந்ததை அல்ல. பொருந்தும் பில் 3,250, ஆர்டர் இல்லாதது 1,150, சிக்கல் பில் 430, திரும்பி வந்தது 290. நிமிடங்களைப் பெருக்கிக் கூட்டினால் 595 மணி நேரம். நிலையான வேலை 28.5 சேர்த்து 624.

இருந்த நேரம் 630, கணக்கு சொல்லும் நேரம் 624. கிட்டத்தட்ட ஒன்று. முடித்த பில் மொத்தம் 4,830, வந்தது 5,350. பெண்டிங்கில் சேர்ந்தது 520. 5 பேர் இருந்தால் மாதம் சுமார் 520 பில் தேங்கும் என்று மேலே வந்த கணக்கோடு இது பொருந்துகிறது. இப்போது இந்த எண்களை நம்பலாம்.

5 சதவீதம் வரை விலகினால் பொறுத்துக்கொள்ளலாம். கணக்கு 450 என்றும் இருந்த நேரம் 630 என்றும் வந்தால், உடனே டீம் சும்மா இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் எண்ணப்படாத வேலை எங்கோ இருக்கும். சப்ளையர்கள் "என் பணம் எப்போ வரும்?" என்று கேட்டு வரும் போன்கள், வேறு டீம் கேட்கும் பழைய பில் நகல்கள், ஸ்கேன் சரியில்லாமல் கோப்புப் பெயரை மாற்றி மறுபடி ஏற்றுவது. ஒரு வாரம் டீம் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். வேகமானவரின் நிமிடத்தை எல்லோருக்கும் வைத்திருந்தாலும் இப்படித்தான் வரும்.

தலைகீழாக, கணக்கு 720 என்று வந்து இருந்த நேரம் 630-தான் என்றால் நிமிடம் பெரிதாக எழுதப்பட்டிருக்கலாம். அப்படி இல்லை என்றால் ஆட்கள் இடைவேளையை விட்டுவிட்டோ, பதிவாகாத ஓவர்டைமிலோ, ஒப்பிட்டுப் பார்க்கும் படியைத் தாண்டியோ வேலையை முடிக்கிறார்கள். மூன்றாவதாகச் சொன்னது நடந்தால், அடுத்த மாதம் திரும்பி வரும் பில்களின் சதவீதம் 6-ஐத் தாண்டும்.

எண்ணிக்கையை மாதாமாதம் மாற்றுங்கள். வகைகளின் விகிதத்தையும் திரும்பி வரும் சதவீதத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். நிமிடங்களை மறுபடி அளக்க வேண்டியது சிஸ்டம் மாறும்போது, ஒப்புதல் முறை மாறும்போது, அல்லது மேலே சொன்ன சோதனை இரண்டு மாதம் தொடர்ந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகும்போது.